நுகர்வோர் முடிவெடுப்பு: ஈடுபாடு மிகுந்த, குறைந்த கொள்முதல்கள்

ஒரு பொருளை வாங்குபவர் கடக்கும் படிகளைச் சந்தையியல் ஐந்தாகப் பகுக்கிறது: தேவையை உணர்தல், தகவல் தேடல், மாற்றுகளை ஒப்பிடல், வாங்குதல், வாங்கியபின் மதிப்பிடல். சிந்தனை ஒரு சிக்கலிலிருந்து தீர்வுக்கு எப்படி நகர்கிறது என்று ஜான் டூயி 1910-இல் எழுதிய விளக்கமே இதன் வேர். எங்கல், கொலாட், பிளாக்வெல் மூவரும் 1968-இல் வெளியிட்ட நூல் இதைப் பாடமாக நிலைநிறுத்தியது.

ஐந்து படிகளும் முழுதாக நடப்பது ஈடுபாடு மிகுந்த கொள்முதலில்தான். வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோகிறது. பழுது பார்க்கும் செலவைக் கேட்டதும் புதிது வாங்கலாம் என்று தோன்றுகிறது. பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள், இரண்டு மூன்று கடை ஏறி இறங்குகிறார்கள். எத்தனை லிட்டர், தானே பனி நீக்குமா, எத்தனை நட்சத்திரம் என்று ஒப்பிடுகிறார்கள். இங்கே பலர் தவறவிடுவது நட்சத்திரச் சீட்டில் உள்ள ஆண்டு. தர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்துக்கு ஈடாகாது. சீட்டிலேயே அச்சாகியிருக்கும் ஆண்டு மின்நுகர்வைப் பார்ப்பதே நம்பகமான வழி.

வாங்கியபிறகும் மனம் ஓய்வதில்லை. புதிதாகக் கார் வாங்கியவர்கள், தாங்கள் பரிசீலித்து விட்டுவிட்ட கார்களின் விளம்பரங்களைவிட வாங்கிய காரின் விளம்பரத்தையே அதிகம் படித்தார்கள் என்று 1957-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எடுத்த முடிவு சரிதான் என்ற ஆறுதலை அவர்கள் தேடியிருக்கிறார்கள்.

சோப்புத்தூள் வாங்கும்போது கதையே வேறு. டிக்சனும் சாயரும் அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர்கள் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சராசரியாக 12 வினாடிகூட எடுக்கவில்லை. கூடையில் போட்ட கையோடு விலை கேட்டபோது ஏறத்தாழப் பாதிப் பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. தவறினாலும் இழப்பு சிறிது என்பதால், தேடலுக்குச் செலவிடும் நேரம்தான் இங்கே வீண்.

படிகள் சுருங்குவதோடு வரிசையும் மாறுகிறது. தொலைக்காட்சி விளம்பரம் கவனமின்றிப் பார்க்கப்பட்டாலும், திரும்பத் திரும்ப வருவதால் பெயர் மனத்தில் படிகிறது என்றார் ஹெர்பர்ட் கிரக்மன், 1965-இல். கடையில் அந்தப் பெயர் தெரிந்ததாகத் தோன்றுகிறது, கை எடுக்கிறது. துணி வெளுத்த பிறகே கருத்து பிறக்கிறது. அதாவது மதிப்பீடு வாங்கலுக்குப் பின்னே போய்விடுகிறது.

ஒரே பொருளைத் திரும்ப வாங்குவதெல்லாம் பற்று ஆகிவிடாது. வழக்கமான தூள் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லும்போது அது தெரிந்துவிடும்: வெறும் பழக்கம் என்றால் வாங்குபவர் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார், பற்று என்றால் அடுத்த கடைக்கு நடப்பார்.

ஈடுபாடு பொருளில் ஒட்டியிருப்பதில்லை. வாங்குபவரோடும் சூழலோடும் மாறும். பல ஆண்டுகள் பார்க்காமலே எடுத்த அதே பொட்டலத்தை, கைக்குழந்தைக்குத் தோலில் தடிப்பு வந்த மறுநாள், தாய் திருப்பி அதன் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படிக்கிறாள்.