தைராய்டு தூண்டும் இயக்குநீர் அளவீட்டில் எதிர்ப்பொருள் குறுக்கீடு

தைராய்டு தூண்டும் இயக்குநீர் அளவீட்டில் எதிர்ப்பொருள் குறுக்கீடு என்பது, நோயாளியின் குருதியில் உள்ள சில எதிர்ப்பொருள்களின் காரணமாக, ஆய்வகக் கருவி அவரது உடல்நிலைக்குப் பொருந்தாத அளவைக் காட்டுவதாகும். இது பெரும்பாலும் இரு வகைகளில் நிகழ்கிறது. முதல் வகையில், ஹெட்டிரோபைல் எதிர்ப்பொருள்கள் எனப்படுபவை ஆய்வகம் பயன்படுத்தும் வினைப்பொருள்களோடு பிணைந்து பொய்யான அளவை உண்டாக்குகின்றன. இரண்டாம் வகையில், நோயாளியின் சொந்த எதிர்ப்பொருள் இயக்குநீரோடு பிணைந்து மேக்ரோ டி.எஸ்.எச். எனும் பெருமூலக்கூறாகக் குருதியில் தங்கிவிடுகிறது. இரண்டிலும் தைராய்டு சுரப்பி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஆய்வறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் நம்பி மருந்து கொடுக்கப்படும்போதே தீங்கு தொடங்குகிறது.

அளவீட்டு முறை

பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வெளிப்படும் தைராய்டு தூண்டும் இயக்குநீர், சுருக்கமாக டி.எஸ்.எச்., தைராய்டு சுரப்பியைத் தைராக்சின் சுரக்கச் செய்கிறது. தைராக்சின் குறைந்தால் டி.எஸ்.எச். பன்மடங்கு உயரும், மிகுந்தால் ஏறத்தாழ மறைந்துவிடும். இதனாலேயே தைராய்டு நோயை அறிய முதலில் டி.எஸ்.எச். அளக்கப்படுகிறது. பெரியவர்களில் இதன் இயல்பான அளவு ஏறத்தாழ லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு வரை ஆகும்.

இவ்வளவு சிறிய அளவை அறிய, இன்றைய கருவிகள் இரண்டு எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. ஒன்று திண்மப் பரப்பில் ஒட்டப்பட்டு, இயக்குநீரைப் பிடித்து வைக்கும். மற்றொன்று ஒளிரும் குறியைச் சுமந்து வந்து, அதே இயக்குநீரின் வேறொரு பகுதியில் பிணையும். இரண்டு எதிர்ப்பொருள்களுக்கும் இடையில் இயக்குநீர் சிக்கிக்கொள்வதால் இது இடைச்செருகு முறை எனப்படுகிறது. கழுவிய பின் எஞ்சும் ஒளியின் அளவே இயக்குநீரின் அளவாகக் கணக்கிடப்படுகிறது. இவ்வெதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் எலியின் உயிரணுக்களிலிருந்து உருவாக்கப்பட்டவை. கருவி உண்மையில் அளப்பது ஒளியைத்தான் என்பதையும், அந்த ஒளி இயக்குநீரால் மட்டுமே பரப்பில் தங்கியது என்பது ஓர் ஊகமே என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஹெட்டிரோபைல் எதிர்ப்பொருள்கள்

வேற்று விலங்கினங்களின் புரதங்களோடு பிணையக்கூடிய மனித எதிர்ப்பொருள்கள் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. சுரப்பிக் காய்ச்சல் நோயாளிகளின் சீரம் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதை 1932-இல் பால், பனல் ஆகிய இருவரும் கண்டறிந்து, அதையே அந்நோய்க்கான சோதனையாக்கினர். அன்று நோயைக் காட்டிக்கொடுத்த இவ்வகை எதிர்ப்பொருள்களே பிற்காலத்தில் வேறு சோதனைகளைக் கெடுப்பவையாயின.

இத்தகைய எதிர்ப்பொருள் ஒன்று பரப்பிலுள்ள எலி எதிர்ப்பொருளை ஒரு கையாலும், குறி சுமந்த எதிர்ப்பொருளை மறு கையாலும் பற்றிக்கொண்டால், நடுவில் இயக்குநீர் இல்லாமலேயே பாலம் அமைந்துவிடும். கருவி அதை இயக்குநீராகக் கணக்கிடும். அரிதாக, பரப்பிலுள்ள எதிர்ப்பொருளின் பிணைப்பிடத்தை மட்டும் அது மூடிக்கொண்டால், இயக்குநீர் இருந்தும் பிடிபடாமல் பொய்யான குறைந்த அளவு கிடைக்கும். எலி எதிர்ப்பொருள் கொண்டு சிகிச்சையோ படப்பதிவோ செய்யப்பட்டவர்களில் எலிப்புரதத்திற்கு எதிரான வலிமைமிக்க எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். முடக்குவாத நோயாளிகளிடம் காணப்படும் முடக்குவாதக் காரணியும் இதே போன்று பாலம் அமைக்க வல்லது. எனினும், காரணம் எதுவும் அறியப்படாதவர்களிடமும் இக்குறுக்கீடு காணப்படுகிறது.

இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதற்குத் தைராய்டுக்கு வெளியே ஒரு சான்று உண்டு. கருவுற்றோரிடமும் சிலவகைப் புற்றுநோய்களிலும் உயரும் எச்.சி.ஜி. இயக்குநீர் பொய்யாக உயர்ந்து காட்டியதால், புற்றுநோய் எனக் கருதப்பட்ட 12 பெண்களைப் பற்றி ரோட்மென்ஷ், கோல் ஆகியோர் 2000-இல் லான்செட் இதழில் எழுதினர். அவர்களில் பெரும்பாலோர் தேவையற்ற அறுவை மருத்துவத்திற்கோ புற்றுநோய் மருந்துகளுக்கோ ஆளாகியிருந்தனர். குறுக்கிடும் எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறாதலால் சிறுநீரில் கலப்பதில்லை. எனவே, அவர்களின் சிறுநீரைச் சோதித்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும். டி.எஸ்.எச். அளவீட்டில் அவ்வளவு எளிய சரிபார்ப்பு வழி கிடையாது.

மேக்ரோ டி.எஸ்.எச்.

இங்கு கருவி ஏமாறுவது வேறு விதத்தில் ஆகும். சிலருடைய உடல் தன் சொந்த டி.எஸ்.எச். மீதே இம்யூனோகுளோபுலின் ஜி வகை எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. ஏறத்தாழ 28 கிலோடால்டன் எடையுள்ள இயக்குநீர், 150 கிலோடால்டன் எடையுள்ள எதிர்ப்பொருளோடு இணைந்து பெருமூலக்கூறாகிறது. இயல்பான இயக்குநீரைப் போல் இது சிறுநீரகத்தால் விரைவாக அகற்றப்படுவதில்லை. ஆகவே குருதியில் சேர்ந்துகொண்டே போகிறது. தைராய்டு உயிரணுக்களைத் தூண்டும் திறனோ இதற்கு மிகக் குறைவு. பிணையாமல் எஞ்சியிருக்கும் இயக்குநீரைப் பிட்யூட்டரி வழக்கம்போல் கட்டுப்படுத்துவதால் நோயாளிக்கு எக்குறையும் இராது.

கருவியின் இரு எதிர்ப்பொருள்களும் பிணையும் இடங்கள் மூடப்படாத வரை, இப்பெருமூலக்கூறும் டி.எஸ்.எச். ஆகவே கணக்கில் சேரும். ஆதலால் இதைக் கருவியின் பிழை என்று முற்றிலும் கூற இயலாது. அளக்கப்பட்ட பொருள் உண்மையிலேயே குருதியில் உள்ளது. வேலை செய்யாததுதான் குறை. புரோலாக்டின் இயக்குநீரிலும் இதே நிலை உண்டு. மேக்ரோ புரோலாக்டின் இதைவிடப் பன்மடங்கு பரவலாகக் காணப்படுவது.

ஐயம் எழ வேண்டிய இடம்

டி.எஸ்.எச். 10-க்கும் மேல் உயர்ந்திருக்க, கட்டற்ற தைராக்சின் இயல்பெல்லையின் நடுவில் இருந்து, நோயாளிக்குச் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை போன்ற எவையும் இல்லாவிடில் குறுக்கீட்டை நினைக்க வேண்டும். மருந்து தொடங்கிய பின் தைராக்சின் உயர்ந்தும் டி.எஸ்.எச். பெரிதாக இறங்காமல் நிற்பது இன்னும் வலுவான அறிகுறியாகும். ஆயினும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமல் சோதனைக்குச் சில நாட்கள் முன்பு மட்டும் உட்கொள்பவர், கடும் நோயிலிருந்து மீள்பவர், டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டி உள்ளவர், தைராய்டு இயக்குநீருக்கு உடல் எதிர்ப்புக் காட்டும் மரபுநோய் உள்ளவர் ஆகியோரிடமும் இதற்கு நெருங்கிய தோற்றம் அமையலாம். தீங்கற்ற சிறு பிட்யூட்டரி முடிச்சுகள் நலமானவர்களிடமும் அடிக்கடி தென்படுபவை. ஆகவே, எண்ணைச் சரிபார்க்கும் முன்பே தலையைப் படமெடுப்பது, இல்லாத நோய்க்கு ஒரு சான்றைத் தேடிக்கொடுத்துவிடக் கூடும்.

எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட நோயாளி ஆகும். 42 அகவைப் பெண் ஒருவர் பொது உடற்பரிசோதனைக்குச் சென்றபோது டி.எஸ்.எச். லிட்டருக்கு 34 மில்லி அலகு எனவும், கட்டற்ற தைராக்சின் லிட்டருக்கு 15 பிக்கோமோல் எனவும் வந்தது. தைராக்சினின் இயல்பெல்லை ஏறத்தாழ 10 முதல் 22 வரை. அவருக்குத் தொல்லை எதுவும் இல்லை. லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராமில் தொடங்கி, டி.எஸ்.எச். இறங்காததால் 100 மைக்ரோகிராமாக உயர்த்தப்பட்டது. மூன்று மாதங்களில் தைராக்சின் 24 ஆனது, டி.எஸ்.எச். 29-இல் நின்றது. நெஞ்சு படபடப்பும் கைநடுக்கமும் தொடங்கின. இந்நிலையில் மருந்தை மேலும் கூட்டினால் இதயத் துடிப்பு ஒழுங்கிழப்பும், நாளடைவில் எலும்புத் தேய்வும் நேரக்கூடும்.

மருந்து நிறுத்தப்பட்டது. தைராக்சினின் அரைவாழ்வு ஏறத்தாழ 7 நாட்கள் ஆதலால், ஆறு வாரம் காத்திருந்து மறுபடி அளந்தபோது டி.எஸ்.எச். 33, தைராக்சின் 15 என முன்னிருந்த நிலையே கிடைத்தது. அடுத்து அதே சீரம் வேறு நிறுவனத்தின் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தும் கருவியில் அளக்கப்பட்டது, 28 வந்தது. ஹெட்டிரோபைல் குறுக்கீடாயின் இவ்விடத்தில் எண் பெரும்பாலும் சரிந்து இயல்பெல்லைக்குள் வந்திருக்கும். பின்னர் எலி எதிர்ப்பொருள் மிகுதியாக இடப்பட்ட தடுப்புக் குழாயில் சீரம் ஊற்றி வைக்கப்பட்டது. குறுக்கிடும் எதிர்ப்பொருள்கள் இருந்தால் அவை இங்கேயே பிணைந்து செலவாகிவிடும். அதன் பின்னும் அளவு 32.

இறுதியாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் வீழ்படிவுச் சோதனை செய்யப்பட்டது. இப்பொருளின் 25 விழுக்காட்டுக் கரைசலைச் சம அளவு சீரத்தோடு கலந்து மையவிலக்கியில் சுழற்றினால், பெரிய மூலக்கூறுகள் அடியில் படிந்துவிடும். மேலே நின்ற தெளிநீரில் டி.எஸ்.எச். 1.1 இருந்தது. சீரம் பாதியாக நீர்க்கப்பட்டதால் இதை 2-ஆல் பெருக்க 2.2 கிடைக்கும். அது முதலில் இருந்த 33-இல் ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே. உடன் சோதிக்கப்பட்ட, உண்மையான தைராய்டு குறைவுள்ள ஒருவரின் சீரத்தில் 60 விழுக்காடு மீண்டது. பொதுவாக 20 முதல் 25 விழுக்காட்டிற்குக் குறைவாக மீண்டால் மேக்ரோ டி.எஸ்.எச். எனக் கருதப்படுகிறது. அப்பெண்ணுக்கு மருந்து தேவைப்படவில்லை.

சோதனைகளின் எல்லை

மேற்கண்ட வரிசை தற்செயலானது அன்று. பாலிஎத்திலீன் கிளைக்கால் எல்லா எதிர்ப்பொருள்களையும் படியச் செய்வதால், ஹெட்டிரோபைல் குறுக்கீட்டிலும் மீளும் அளவு குறையும். ஆதலால் வேறு கருவியும் தடுப்புக் குழாயும் முதலில் பயன்படுத்தப்பட வேண்டும். பிணையாத இயக்குநீரிலும் ஒரு பகுதி உடன் படிந்துவிடும், அதனால் 2.2 என்பது உண்மை அளவுக்குச் சற்றுக் குறைவானதே. ஒப்பீட்டுச் சீரம் ஒன்றை உடன் சோதிக்காமல் கூறப்படும் விழுக்காட்டிற்கு அதிகப் பொருள் இல்லை. தடுப்புக் குழாயால் அளவு மாறாவிட்டால் ஹெட்டிரோபைல் எதிர்ப்பொருள் அறவே இல்லை என்றும் முடிவு கட்ட இயலாது. சில வேளைகளில் அவற்றின் செறிவு குழாயின் கொள்ளளவை மிஞ்சிவிடும். நீர்த்துப் பார்க்கும் சோதனையில் அளவு நேர்விகிதத்தில் குறையாவிட்டால் ஐயம் வலுப்படும். நேர்விகிதத்தில் குறைந்தால் ஐயம் நீங்கிவிடுவதில்லை. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் கூழ்ம வடிகட்டல் முறையே உறுதியான சான்று தருவது. ஆனால் அது சில சிறப்பு ஆய்வகங்களில் மட்டுமே செய்யப்படுகிறது.

பச்சிளங் குழந்தைகள்

இம்யூனோகுளோபுலின் ஜி நச்சுக்கொடியைக் கடந்து செல்லும். எனவே, தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் குருதியிலும் மேக்ரோ டி.எஸ்.எச். உருவாகக் காரணமாகலாம். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கப்படும் குருதியில் டி.எஸ்.எச். உயர்ந்து, தைராக்சின் இயல்பாக இருந்தால், தாயின் டி.எஸ்.எச். அளவையும் பார்ப்பது பயன் தரும். இருவரிடமும் அதே முரண் தென்பட்டால் இருவர் சீரத்தையும் வீழ்படிவுச் சோதனைக்கு உட்படுத்தலாம். குழந்தையின் தைராக்சின் குறைந்திருந்தால் இச்சோதனைகளுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மூளை வளர்ச்சிக்குத் தைராக்சின் இன்றியமையாததாதலால் மருந்தைத் தொடங்கிவிட்டுப் பின்னர் சரிபார்க்கலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளின் அரைவாழ்வு ஏறத்தாழ மூன்று வாரங்கள். ஆதலால், எவ்வித மருந்தும் இன்றியே குழந்தையின் டி.எஸ்.எச். சில மாதங்களில் படிப்படியாக இறங்கி இயல்பெல்லையை அடைகிறது. தாயின் அளவு அப்போதும் உயர்ந்தே நிற்கும்.