நேர வலயங்களுக்கிடையே நாள், நேரம் குறித்தல்

நேர வலயங்களுக்கிடையே நாள், நேரம் குறித்தல் என்பது வெவ்வேறு நாடுகளில் இருந்து சேர்ந்து பணிபுரிவோர் ஒரு கூட்டத்தின் நேரத்தையோ ஒரு பணியின் இறுதிக் கெடுவையோ அனைவரும் ஒரே கணமாகப் புரிந்துகொள்ளுமாறு எழுதும் முறை ஆகும். புதுச்சேரியின் உழவர்கரையில் இருந்துகொண்டு பாரிசில் உள்ள அலுவலகத்துடன் பணிபுரிவோர் எதிர்கொள்ளும் நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

உழவர்கரையும் பாரிசும்

இந்திய நேரம் ஆண்டு முழுவதும் ஒசநே+5:30 ஆகும். பாரிசு நேரம் குளிர்காலத்தில் ஒசநே+1, கோடையில் ஒசநே+2. ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச்சு மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணிநேரம் முன் தள்ளப்பட்டு, அக்டோபரின் கடைசி ஞாயிறன்று பின் தள்ளப்படுகிறது. ஆகவே இரு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாடு குளிர்காலத்தில் நான்கரை மணி, கோடையில் மூன்றரை மணி.

2026 மார்ச்சு 27, வெள்ளிக்கிழமை பாரிசில் மாலை 5 மணிக்கு நடக்கும் கூட்டம் உழவர்கரையில் இரவு 9:30 மணிக்கு அமையும். மார்ச்சு 29 ஞாயிறன்று கடிகாரம் மாறிவிடுவதால், மார்ச்சு 30 திங்களன்று அதே மாலை 5 மணிக் கூட்டம் இங்கு 8:30 மணிக்கே தொடங்கிவிடும். இந்தியாவில் எதுவும் மாறாததால் இங்கிருப்பவருக்கு மாற்றம் நினைவுக்கு வருவதில்லை. ஒரு மணிநேரம் தாமதமாக வந்து சேரும்போதுதான் தெரியவரும். ஐக்கிய அமெரிக்கா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறன்றே மாறிவிடுவதால், மூன்று நாட்டவரும் கூடும் கூட்டங்களில் அம்மாதம் சில வாரங்கள் குழப்பம் கூடுதலாகும்.

நள்ளிரவுக் கெடு

"மார்ச்சு 31 நள்ளிரவுக்குள்" என்னும் தொடர் அந்நாள் தொடங்கும் நள்ளிரவையும் குறிக்கலாம், முடியும் நள்ளிரவையும் குறிக்கலாம். தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. மரபு வழக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால், "செவ்வாய் இரவு 2 மணி" என்று பேச்சில் சொல்லப்படுவது நாட்காட்டியில் புதன்கிழமை ஆகிவிடுகிறது. எனவே நள்ளிரவு என்னும் சொல்லைத் தவிர்த்து 23:59 என எழுதுவதே பாதுகாப்பானது. 2026 மார்ச்சு 31, பாரிசு நேரம் 23:59 என்னும் கெடு உழவர்கரையில் ஏப்ரல் 1, விடியற்காலை 3:29 ஆகும். அதாவது இங்குள்ளவருக்கு நாளே மாறிவிடுகிறது. இதனை எழுதும் முறை:

```
2026-03-31T23:59:00+02:00
2026-04-01T03:29:00+05:30
```

இரண்டு வரிகளும் ஒரே கணத்தையே குறிக்கின்றன. ஆண்டு, மாதம், நாள் என்னும் இவ்வரிசை 1988 இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரத்தின்படியானது. 04/03/2026 என்பது இந்தியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மார்ச்சு 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 3. மடல்களில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதினாலும் இக்குழப்பம் தீரும். கிழமையையும் சேர்த்தெழுதினால் தவறு தானே வெளிப்படும்: மார்ச்சு 31 செவ்வாய் என்றிருக்க வேண்டிய இடத்தில் திங்கள் என்றிருந்தால் படிப்பவர் கேட்டுத் தெளிவார்.

கால அளவைச் சொல்லும்போதும் கவனம் தேவை. பிரெஞ்சில் "எட்டு நாட்கள்" என்பது ஒரு வாரத்தையும், "பதினைந்து நாட்கள்" என்பது இரண்டு வாரத்தையும் குறிக்கும் வழக்கு. அதை அப்படியே தமிழில் எண்ணிக் கணக்கிட்டால் ஒரு நாள் பிசகும்.

சுருக்கப்பெயரும் ஊர்ப்பெயரும்

IST என்னும் சுருக்கம் இந்தியா, இசுரேல், அயர்லாந்து ஆகிய மூன்றின் நேரத்தையும் குறிக்கப் பயன்படுவதால் தனித்து எழுதத் தக்கதன்று. ஒசநே வேறுபாட்டை எழுதுவது தெளிவானது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அரசுகள் நேரத்தை மாற்றக்கூடும்.

இலங்கை 1996 மே 25 அன்று ஒசநே+5:30 இலிருந்து +6:30 க்கும், அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று +6:00 க்கும் மாறி, 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் +5:30 க்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால், அவ்வாண்டுகளில் "இலங்கை நேரம்" என்பதே தீவுக்குள் இரு பொருள் தந்தது.

ஆகவே நடந்து முடிந்த நிகழ்வுக்கு ஒசநே வேறுபாடு போதும். வருங்காலத்தில் தொடர்ந்து நடக்கும் கூட்டத்துக்கு, எந்த ஊரின் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்பதை Europe/Paris அல்லது Asia/Kolkata என நேர வலயத் தரவுத்தளப் பெயரால் குறிப்பது வழக்கம். நாட்காட்டிச் செயலிகள் இப்பெயரைச் சேமித்து வைத்து, விதி மாறும்போது உள்ளூர் நேரத்தைத் தாமே திருத்திக்கொள்கின்றன. +02:00 என்று மட்டும் சேமித்த வாராந்தரக் கூட்டம் குளிர்காலத்தில் பாரிசில் ஒரு மணிநேரம் முன்னதாக நடக்கும்.