ஒரு நாட்டின் மின்சாரக் கணக்கை எங்கள் வீட்டு மின்பட்டியலுக்குள் கொண்டுவருவது எப்படி?

மின்சாரம் பற்றிய செய்தி ஒன்றை வாசிக்கும்போது இரண்டு வகையான எண்கள் வருகின்றன. "கடந்த ஆண்டு நாட்டில் இத்தனை டெராவாட் மணித்தியாலம் உற்பத்தியானது" என்பது ஒன்று. "புதிய நிலையம் இத்தனை மெகாவாட்" என்பது மற்றது. இரண்டும் ஒன்றையே சொல்வதாகத்தான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அரசியல் மேடைகளிலும் செய்தித் தலைப்புகளிலும் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டே எங்களுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். ஒரு தாளும் பேனையும் இருந்தால் போதும், இந்த எண்களை நாங்களே உரசிப் பார்க்கலாம். நான் வழக்கமாகச் செய்யும் முறையை இலங்கையின் கணக்கை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அலகு. எங்கள் மின்பட்டியலில் "ஓர் அலகு" என்று எழுதியிருப்பது ஒரு கிலோவாட் மணித்தியாலம். 1,000 வாட் மின்னழுத்தி ஒன்றை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சூடாக்கி வைத்திருந்தால் ஓர் அலகு முடியும். 10 வாட் மின்குமிழ் என்றால் அதே ஓர் அலகில் 100 மணித்தியாலம் எரியும். இதில் வாட் என்பது வேகம், அலகு என்பது அளவு. கிணற்று மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் இறைக்கிறது என்பதும், பொழுதுபடும்போது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதும் எப்படி வேறு வேறோ, அப்படித்தான் இதுவும்.

ஆயிரம் அலகு ஒரு மெகாவாட் மணித்தியாலம். அதில் பத்து இலட்சம் சேர்ந்தால் ஒரு டெராவாட் மணித்தியாலம். சுருக்கமாகச் சொன்னால், ஒரு டெராவாட் மணித்தியாலம் என்பது நூறு கோடி அலகு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் வகுத்தல் மட்டுமே.

சராசரி மெகாவாட்

இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 டெராவாட் மணித்தியாலம் மின்சாரம் உற்பத்தியாகிறது. கணக்குக்கு 16 என்றே வைத்துக்கொள்வோம். அது 16,000,000 மெகாவாட் மணித்தியாலம். ஓர் ஆண்டில் 365 நாள், ஒரு நாளில் 24 மணித்தியாலம், ஆகவே மொத்தம் 8,760 மணித்தியாலம். அளவை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

16,000,000 ÷ 8,760 = 1,826 மெகாவாட்

இரவு பகல் என்றில்லாமல், தைப்பொங்கல் நாளிலும் வெசாக் இரவிலும் ஒரே சீராக 1,826 மெகாவாட் ஓடியிருந்தால் அந்த ஆண்டின் உற்பத்தி வந்திருக்கும் என்பதே இதன் பொருள். கணக்கைச் சுருக்க வேண்டுமானால், ஒரு டெராவாட் மணித்தியாலத்துக்கு 114 மெகாவாட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 16ஐ 114ஆல் பெருக்கினால் 1,824 வரும். வாய்க்கணக்குக்கு அது போதும்.

இந்த எண் கிடைத்ததும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சராசரி 1,826 மெகாவாட்தானே. நாட்டில் 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறார்கள். பிறகு ஏன் மின்வெட்டு?" பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. பொழுதுபட்டு வீடுகளில் விளக்குப் போடும் நேரத்தில் நாட்டின் தேவை சராசரியில் நிற்பதில்லை, 2,800 மெகாவாட் அளவுக்கு ஏறிவிடுகிறது. நிலையங்கள் அந்த உச்சத்துக்கு ஆயத்தமாக நிற்க வேண்டும். அடுத்தது, நிறுவிய மெகாவாட் எல்லாம் எந்நேரமும் கிடைப்பதில்லை. மழை பொய்த்தால் நீர்மின் நிலையம் படுத்துவிடும். இருட்டியதும் சூரிய மின்சாரம் இல்லை. எரிபொருள் வாங்கக் காசு இல்லாவிட்டால் அனல்மின் நிலையம் வெறும் இரும்பு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோமே, அப்போது நிலையங்கள் எங்கும் காணாமல் போகவில்லை. எரிபொருளும் நீரும்தான் போதவில்லை.

தலைக்கு எவ்வளவு?

இனி சனத்தொகையால் வகுப்போம். 16 டெராவாட் மணித்தியாலம் என்பது 1,600 கோடி அலகு. சனத்தொகையை 2 கோடி 20 இலட்சம் என்று எடுத்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு 727 அலகு வரும். மாதத்துக்கு 61, நாளுக்கு 2 அலகு. வாட்டில் சொன்னால் ஓர் ஆளுக்கு எந்நேரமும் 83 வாட். மேசை மின்விசிறி ஒன்றும் சில மின்குமிழ்களும் இராப்பகலாக ஓடுவதற்குச் சமம்.

இங்கே நின்றுவிடக் கூடாது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 244 அலகு என்று இதிலிருந்து யாராவது சொன்னால், உங்கள் மின்பட்டியலை எடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அந்த அளவு எரிக்கும் வீடு எத்தனை? கணக்குப் பிழையில்லை, கேள்விதான் மாறிவிட்டது. 727 என்பது நாடு உற்பத்தி செய்ததைத் தலைகளால் வகுத்த எண். வீடுகள் எரித்தது அதுவல்ல.

வீட்டுக்கு வர இரண்டு படி இறங்க வேண்டும். முதற்படி, கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் இழக்கப்படுவது. நூற்றுக்கு 9 என்று கழித்தால் 16 என்பது 14.6 ஆகிறது. இரண்டாம் படி, தொழிற்சாலை, விடுதி, கடை, அலுவலகம், மருத்துவமனை எல்லாவற்றின் பங்கையும் நீக்குவது. வீடுகளுக்குப் போவது விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அது 4.9 டெராவாட் மணித்தியாலம், அதாவது 490 கோடி அலகு. தலைக்கு ஆண்டுக்கு 220 அலகு, மாதத்துக்கு 18 அல்லது 19. நாலு பேர் வீட்டுக்கு 74 அலகு அளவில் வருகிறது.

இப்போது எண் எங்கள் மின்பட்டியலோடு பேசத் தொடங்குகிறது. 30, 60, 90 என்று படிகளாக ஏறும் கட்டணத்தில் இந்த வீடு மூன்றாம் படியில் நிற்கிறது. உங்கள் வீட்டில் நாலு பேர் இருந்து மாதம் 40 அலகுதான் எரிகிறது என்றால், நீங்கள் நாட்டின் சராசரி வீட்டில் பாதியளவு மின்சாரத்தில் வாழ்கிறீர்கள். "மக்கள் மின்சாரத்தை வீணடிக்கிறார்கள்" என்று யாராவது சொல்லும்போது இந்தக் கணக்கை முன்னால் வைக்கலாம்.

சராசரிக்குள் காணாமல் போனவர்கள்

இந்த வகுத்தலில் எனக்கு எப்போதும் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 1995ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு இலங்கையின் உற்பத்தி சுமார் 4.8 டெராவாட் மணித்தியாலம், சனத்தொகை சுமார் 1 கோடி 80 இலட்சம். அதே முறையில் போட்டால் சராசரி 548 மெகாவாட், தலைக்கு ஆண்டுக்கு 267 அலகு. அட்டவணையில் இந்த எண் நாட்டிலுள்ள எல்லோருக்கும் பொதுவானதுபோல் நிற்கும்.

ஆனால் யாழ் குடாநாட்டுக்கு 1990இல் நின்ற மின்சாரம் அப்போதும் வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துப் பிள்ளைகள் படித்த காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். எங்களுக்கு அந்த 267இல் ஓர் அலகும் வரவில்லை. வகுக்கும் சனத்தொகையில் மட்டும் நாங்களும் இருந்தோம்.

இதை எண்ணாகவே பார்க்கலாம். ஒரு பேச்சுக்குப் பத்து இலட்சம் பேர் முழு இருளில் இருந்தார்கள் என்று வைத்து, அவர்களை நீக்கி 1 கோடி 70 இலட்சத்தால் வகுத்தால் 282 அலகு வருகிறது. 267க்கும் 282க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 15 அலகு. பத்து இலட்சம் பேர் இருளில் இருந்ததை நாட்டின் சராசரி இவ்வளவுதான் காட்டும். ஆகவே தலைக்கு இவ்வளவு என்ற எண்ணைக் கண்டால், மாவட்டவாரியாக எவ்வளவு, இணைப்பு இல்லாத வீடுகள் எத்தனை என்பதையும் கேளுங்கள்.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001இல் எடுத்தபோது வடக்குக் கிழக்கின் பல பகுதிகள் விடுபட்டன. இடையில் வந்த தலைக்கணக்கு எல்லாம் மதிப்பீட்டுச் சனத்தொகையில் கட்டியவை. ஆகவே 727.27 என்று தசமத்தோடு எழுதுவதில் அர்த்தமில்லை. 730 அளவில் என்று சொல்வதே நேர்மை.

ஒரு செய்தியை உரசிப் பார்ப்போம்

மன்னாரில் மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலையை எடுப்போம். 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் சுழன்றால் 103.5 × 8,760 = 906,660 மெகாவாட் மணித்தியாலம், அதாவது 0.91 டெராவாட் மணித்தியாலம். ஆனால் காற்று அப்படி வீசாது. சோளகத்தில் நன்றாகச் சுழலும், இடைப்பட்ட மாதங்களில் ஓய்ந்துபோகும். முழு அளவில் நூற்றுக்கு 40 கிடைத்தது என்று வைத்தால் 0.36 டெராவாட் மணித்தியாலம், சராசரி 41 மெகாவாட். தலைக்கு 727 அலகு வீதம் அது 5 இலட்சம் பேரின் பங்கு.

நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட். இடைவிடாமல் ஓடினால் 7.9 டெராவாட் மணித்தியாலம் தர வேண்டும். பழுதும் பராமரிப்பும் போக 5.5 வந்தால், அதன் சராசரி 628 மெகாவாட். காற்றாலையையும் அனல்மின் நிலையத்தையும் பெயர்ப்பலகை மெகாவாட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் 1க்கு 9 அளவில் தெரியும். உண்மையில் தருவதை வைத்தால் 1க்கு 15. எந்த நிலையம் பற்றிய வாதத்திலும் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிழையான செய்தியைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது இரண்டே விடயம். "ஆண்டுக்கு இத்தனை மெகாவாட் உற்பத்தி" என்று எழுதியிருந்தால் எழுதியவர் வேகத்தையும் அளவையும் குழப்பிவிட்டார். அடுத்தது, சொன்ன டெராவாட் மணித்தியாலத்தை 114ஆல் பெருக்கிப் பார்ப்பேன். விடை அந்த நிலையத்தின் முழு மெகாவாட்டையே தாண்டினால், அந்தச் செய்தியில் ஏதோ ஓர் எண் பிழை.