கேசட் போட்டு ஆடிய டிவி கேம் மறைந்தது

டிவியின் பின்பக்கம் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் செருகி ஆடிய கேசட் டிவி கேம், நம் வீடுகளிலிருந்து சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. இறந்த நாள் யாருக்கும் தெரியாது. பிறந்த நாள் தெரியும். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம்தான் மூலப்பிரதி. அதை வடிவமைத்த மசாயுகி உயெமுரா 2021 டிசம்பரில் காலமானார்.

திருப்பூர்ப் பிள்ளைகள் கையில் கிடைத்தது மூலப்பிரதி அல்ல, அதன் நகல். 1990களில் சாமுராய் என்ற பெயரில் இங்கே விற்ற பெட்டி நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத விலை. தைவானின் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் ஃபேமிகாமின் வேலையைச் செய்யும் சிப்புகளைச் செய்து கொடுத்தன. போகப்போக மொத்த இயந்திரமும் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குக் கீழே அடங்கிவிட, சில நூறு ரூபாய்க்கு டிவி கேம் பிளாட்பாரத்துக்கு வந்தது. அதற்கப்புறம்தான் பனியன் கம்பெனித் தொழிலாளி வீட்டுப் பையன் அதற்கு ஆசைப்பட முடிந்தது.

எங்கள் லைன் வீட்டில் ஒரு பையன் அப்படி ஆசைப்பட்டான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி கடையில் விலை 450 ரூபாய் என்று விசாரித்து வைத்திருந்தான். அவன் அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை. வரும்போது பிசிர் வெட்ட பனியன் கட்டுகளை வீட்டுக்குத் தூக்கி வருவார். ஓவர்லாக் தைத்த பனியனில் தையல் முடிகிற இடமெல்லாம் நூல் வால் தொங்கும். அதைத் துணியில் ஓட்டை விழாமல் ஒட்ட நறுக்க வேண்டும். கத்திரி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் அந்தப் பீஸ் செகண்ட்ஸ். காதர்பேட்டையில் கிடைக்கிற விலைக்குப் போகும், கூலியிலும் பிடிப்பார்கள்.

டஜனுக்கு ஐம்பது காசு. தாயும் மகனுமாக வாரம் அறுபது டஜன் வெட்டினால் சனிக்கிழமை முப்பது ரூபாய் வரும். பத்தை அம்மா எடுத்துக்கொள்வார். "மீதி உனக்குத்தான் கண்ணு, பொரி கடலைன்னு செலவு பண்ணிப்போடாத" என்று இருபதை ஒரு ரூபாய்க் காசுகளாகவே மண் உண்டியலில் போடச் சொல்வார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து தீபாவளி வரை, ஆர்டர் இல்லாமல் கட்டு வராத வாரங்கள் போக, பதினெட்டு வாரம் காசு விழுந்தது. 360 ரூபாய். பனியன் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட பதின்மூன்றாயிரம் பீஸ். போனஸ் வாங்கிய மாமா நூறு ரூபாய்த் தாள் ஒன்று கொடுத்ததும் கணக்கு நிறைந்தது.

அப்போதைய ஒரு ரூபாய் எஃகுக் காசு 4.85 கிராம். 360 காசு ஒன்றே முக்கால் கிலோ எடை. மஞ்சள் பையில் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் நின்றவன், "ஏனுங்ணா, எல்லாம் சில்லறையா இருக்குதுங்க, வாங்கிக்குவீங்களா?" என்றான். கடைக்காரர் சிரித்தார். "தீபாவளி நேரத்துல சில்லறைக்குத்தான் தம்பி நாயாப் பேயா அலையறேன், கொட்டு இங்க." மிச்சம் பத்து ரூபாயை அவனிடமே திருப்பித் தந்தார்.

பெட்டியைப் பிரித்தால் அடாப்டர், இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ஒரு கேசட். கேசட்டைப் போட்டால் திரையில் 9999999 in 1 என்று வரும். கோடி ஆட்டம் என்று நம்பிப் பட்டியலில் கீழே இறங்கினால், பத்துப் பதினைந்து ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். ஒன்றில் மாரியோ முதல் கட்டத்திலிருந்து, இன்னொன்றில் நான்காம் கட்டத்திலிருந்து, அவ்வளவுதான் வித்தியாசம். ஏமாற்றுதான்; ஆனால் அந்த மாரியோ மொத்தமே 40 கிலோபைட் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது.

அந்த வீட்டில் இருந்தது பழைய டயனோரா கறுப்பு வெள்ளை டிவி. சேனல் குமிழைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே படம் நிற்கிற புள்ளியைப் பிடிக்க வேண்டும். படம் கோடு கோடாக வந்தால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதியதால் சரியானது என்றே எல்லோரும் நம்பினோம். உண்மையில் கழற்றி மறுபடி செருகியதில் முனைகள் உராய்ந்து தொடர்பு கிடைத்தது. வாய்க்காற்றின் ஈரம் அந்தச் செம்பு முனைகளைக் கறுக்கத்தான் வைத்தது. பென்சில் ரப்பரால் தேய்த்திருந்தால் போதும். ரிமோட்டில் சுடுகிற பட்டன் தேய்ந்தால், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை நறுக்கி ரப்பருக்கு அடியில் ஒட்டுவது லைன் வீட்டு வைத்தியம். ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. கடைசிக் கட்டத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

2006இல் தொடங்கி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது டிவி கேமுக்கு இரண்டாவது ஆயுள் கிடைத்தது. மாரியோவின் தொப்பி சிவப்பு என்பதே அப்போதுதான் பல வீடுகளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் குழாய் டிவியோடுதான் அதன் உயிரும் முடிச்சுப் போட்டிருந்தது. வாத்து சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து எந்தக் கதிரும் டிவிக்குப் போகவில்லை. அது திரையைப் பார்க்கிற கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். இருட்டுக்கு அடுத்து வெளிச்சம் தெரிந்தால் குறி தப்பவில்லை என்று கணக்கு. ஒவ்வொரு கணமும் ஐம்பதில் ஒரு பங்கு நொடி நேரத்துச் சமாச்சாரம். தட்டை டிவி படத்தை வாங்கிச் சரிசெய்து காட்டக் கொஞ்சம் தாமதிக்கிறது. துப்பாக்கி பார்க்கிற நேரத்தில் வெள்ளைக் கட்டம் இன்னும் வந்திருக்காது. எத்தனை முறை சுட்டாலும் வாத்து பறந்துவிடும்.

துப்பாக்கி முதலில் செத்தது. ஆன்டெனா ஓட்டை தேடுவாரற்றுப் போனதும் பெட்டி செத்தது. செல்போன் வந்து கடைசி மண்ணைப் போட்டது. செல்போன் ஆட்டம் இலவசம் என்றுதான் உள்ளே வருகிறது. பிறகு துப்பாக்கிக்கு இவ்வளவு, சட்டைக்கு இவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. டிவி கேம் ஒரே தடவை 450 ரூபாய் கேட்டது, அதற்குப்பின் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நேர்மைக்காக நான் வருந்துகிறேன்.

ஆனால் இரங்கல் எழுதும்போது எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்திவிடக் கூடாது. பதின்மூன்றாயிரம் பனியனுக்குப் பிசிர் வெட்டியது ஒரு பள்ளிக்கூடப் பையன். சேமிப்பின் அருமையை அவன் கற்றுக்கொண்டான் என்று இன்று சுலபமாகச் சொல்லலாம். அந்த மாலைகளில் அவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதும் அதே கதைதான். டிவி கேம் போனது இழப்பு. பிள்ளைகள் பிசிர் வெட்டிக் காசு சேர்க்கிற நிலை எந்த வீட்டில் போயிருந்தாலும் அது இழப்பே அல்ல.

உங்கள் பரணில் ஒன்று கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய அடாப்டரைச் செருகாமல், பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் துருவத்தையும் பார்த்துப் புதிது வாங்குங்கள். கேசட் முனையை ரப்பரால் துடையுங்கள். டிவியில் மஞ்சள் ஏவி ஓட்டை இருந்தால் அதில் மாட்டுங்கள். துப்பாக்கி வேலை செய்யாது. மாரியோ இன்னும் ஓடுவான்.