பாமினிக்குள்ளே ஒரு தட்டச்சுப் பொறி

குடவோலைக் கல்வெட்டு என்றதும் எங்க ஊர் உத்திரமேரூர் ஞாபகம் வராதவர் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டிய எழுத்து இன்றைக்கும் அப்படியே இருக்கு. அதைப் பற்றி எங்க ஊர் வாத்தியார் ஒருத்தர் 2001-ல் டி.டி.பி. கடையில் அடிக்கக் கொடுத்த சின்னப் புத்தகத்தின் கதைதான் வேற. அச்சுப் பிரதி ஒன்றுகூட மிச்சமில்லை. இருப்பது ஒரு வேர்டு கோப்பு மட்டும். அதை ஆங்கிலத்தில் கொண்டுவரலாம் என்று மொழிபெயர்ப்புக் கருவியில் ஏற்றினால், 'குடவோலை' இருந்த இடத்தில் இப்படி நிற்கிறது:

```
FlNthiy
```

கோப்பு கெட்டுப்போகவில்லை. அது பாமினி எழுத்துரு. பாமினிக்கு f என்றால் க, l என்றால் ட. கோப்புக்குள் கிடப்பது வெறும் ஆங்கில எழுத்துகள்தான். அதற்குத் தமிழ் வேஷம் போட்டது எழுத்துரு. மொழிபெயர்ப்புக் கருவி எழுத்துருவைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் படிக்கும். புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளிக் குறி என்பதால், 'தமிழ்' என்பது `jkpo;` ஆகிவிடும். அந்தக் குறியில் வாக்கியத்தை வெட்டும்படி கருவியை அமைத்திருந்தால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வாக்கியம் துண்டாகும்.

ஏன் f-க்கு க? டைப்ரைட்டிங் கிளாஸ் போனவர்களுக்கு உடனே புரியும். a, s, d, f வரிசையில் விரலை வைத்தால் ய, ள, ன, க. பழைய தட்டச்சுப் பொறியின் அதே நடு வரிசை. தட்டச்சுப் பொறியில் கொம்பு இடதுபக்கம் விழணும், அதனால் அதை முதலில் அடிக்கணும். பாமினியும் அப்படியே: 'கோ' என்பது `Nfh`, அதாவது கொம்பு, க, கால். ஆக அந்த வேர்டு கோப்பு, தட்டச்சர் எந்தெந்த விசையை எந்த வரிசையில் தட்டினார் என்ற பதிவு, அவ்வளவுதான்.

1991-ல் வந்த யூனிகோடு இதற்கு நேர் எதிர். கண்ணுக்குத் தெரியும் வரிசை இல்லை, உச்சரிக்கும் வரிசை. முதலில் க, பிறகு ஓகாரக் குறி. 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டில் உருவான டேப், டேம் குறியீடுகளும் எழுத்துருவின் வடிவங்களை ஒட்டியவையே. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். நடுவில் அடித்த கோப்புகள் எல்லாம் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

மாற்றி விசையில் பெரிய துண்டை முதலில் மாற்றணும்: `Nfh` முடிந்த பிறகு `Nf`, கடைசியில் `f`. வரிசை தப்பினால் க + ே + ா என்று மூன்றாக நிற்கும். திரையில் 'கோ' மாதிரியே தெரியும், ஆனால் தேடினால் சிக்காமல் போகலாம், கலைச்சொல் பட்டியலோடும் பொருந்தாது. நல்லவேளை, யூனிகோடு இந்த இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. பைத்தானில் ஒரே வரி:

```python
s = unicodedata.normalize("NFC", s)
```

இது காப்பாற்றாத ஒன்று உண்டு. ஔகாரத்தின் வால் பகுதியும் ளகரமும் பாமினியில் ஒரே விசை, s. அதனால் `nts` என்பது 'வௌ'வா, 'வெள'வா? மாற்றி முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் வெள்ளி 'வௌ்ளி' ஆகும், வெளியே 'வௌியே' ஆகும். இணையத்தில் இந்த 'வௌியே'வை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்டுபிடிக்க வழி இருக்கு: ஔகாரக் குறியை ஒட்டி இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே கூடாது. வந்தால் அது ளகரம்தான்.

```python
s = re.sub("ௌ(?=[\u0BBE-\u0BCD])", "ெள", s)
```

ளகரத்துக்குப் பின் குறி எதுவும் இல்லாவிட்டால் இந்த வரி கைவிரிக்கும். வௌவால் சரியா, பேச்சுவழக்கில் எழுதிய 'வெளக்கு' சரியா என்று மனுஷன்தான் பார்க்கணும். பழங்கல்வெட்டைப் படிப்பவர்களுக்கு இது புதுசில்லை. அங்கே பெரும்பாலும் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடே காட்டியிருக்காது; பொருளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இன்னொன்று. வாத்தியார் ஆங்கிலச் சொற்களையும் நடுநடுவே போட்டிருந்தார். மொத்தமாக மாற்றினால் `temple` என்பது 'வநஅிடந' ஆகிவிடும். அதனால் பாமினி எழுத்துரு போட்ட பகுதிகளை மட்டும் வேர்டு கோப்பிலிருந்து பிரித்து மாற்றினேன். எதை மாற்றணும் என்று சொல்வது எழுத்துருவின் பெயர் ஒன்றுதான். ஆகவே பழைய கோப்பை முதலில் நோட்பேடில் ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பெயர் அங்கேயே தொலைந்துவிடும்.

இப்போது 'குடவோலை' என்று தேடினால், வாத்தியார் எழுதிய இடமெல்லாம் சிக்குகிறது. மொழிபெயர்ப்பு இனிமேல்தான் ஆரம்பம்.