நீராகாரமும் காடியும்

இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் இறுத்துக் குடிக்கும் நீருக்குப் பேச்சில் நீச்சத்தண்ணி என்று பெயர், எழுத்தில் நீராகாரம். சோற்றோடு சேர்ந்தால் அது பழையது, பழஞ்சோறு. கேரளத்தில் பழங்கஞ்ஞி, ஒடிசாவில் பகாளா, வங்கத்தில் பாந்தா பாத்.

இந்தப் பண்டத்தின் புளிப்பைச் சொல்லும் பழைய சொல் ஒன்று உண்டு: காடி. 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்ற பழமொழியில் வருவது புளித்த கஞ்சிதான். சித்த மருத்துவத்தில் சரக்குகளைச் சுத்தி செய்யவும் காடி பயன்படுகிறது. பிற்பாடு வினிகருக்கும் அதுவே பெயராயிற்று.

காடி ஏறுவது லாக்டிக் அமில பாக்டீரியாக்களால். சோற்றின் மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையை உண்டு அவை அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் கெடுக்கும் கிருமிகள் பலவற்றை அடக்குகிறது. ஆனால் அது ஊறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றில் விட்டுவிடும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மதியச் சோற்றை இரவுவரை வெளியே வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது தவறு. சோற்றைப் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, கொதித்தாறிய நீர் ஊற்றி, மூடி வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் போதும். கோடையில் இன்னும் குறைவு. மெல்லிய புளிப்பு வாடை நல்லது. சோறு நூல் விட்டாலோ, நிறம் மாறினாலோ, வாடை குமட்டினாலோ கொட்டிவிடுங்கள்.

குடலுக்கு நல்லது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. நீராகாரத்தில் உயிருள்ள பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, பானைக்குப் பானை மாறும். அதனால் மருந்துபோல அளவு சொல்லிக் கொடுக்க முடியாது. இரும்புச்சத்து பல மடங்கு பெருகும் என்பதையும் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நொதித்தல் இரும்பைப் படைப்பதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலத்தைக் குறைத்து, உடல் ஏற்க வழி செய்கிறது, அவ்வளவே.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களும், உறுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் உப்பையும் ஊறுகாயையும் கணக்கில் வைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சோற்றின் அளவைப் பார்க்க வேண்டும். புளித்தாலும் அது சோறுதான். வயிற்றுப்போக்குக்கு நீராகாரத்தை நம்பியிருக்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுங்கள்.