ஒரு ரிங், அப்புறம் கட்

எங்க கன்னிவாடிப் பக்கம் 'மோட்டாரைப் போட்டாச்சு'ன்னு சொல்ல ஒரு மிஸ்டு கால் போதும், காசு போகாது. 2011-ல் அண்ணா ஹசாரே போராட்டத்துக்கு இப்படித்தான் நாடு முழுக்க ஆதரவு திரட்டினார்கள். ஆனால் மிஸ்டு காலில் பதிவாவது நம்பர் மட்டும்தான். இங்கே ஒரு பட்டன் போனை வீடே வச்சிருக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே நம்பர்ல பயிற்சிக்குப் பதிஞ்சா, கணக்குல ஒருத்திதான்.

சத்தீஸ்கரில் சுப்ரான்ஷு சௌத்ரி 2010-ல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா'வில் இதற்கு வழி இருந்தது. மிஸ்டு கால் கொடுத்தால் கணினியே திருப்பி அழைக்கும். 1-ஐ அழுத்தி, பேர், ஊர் சொல்லி, குறையைத் தங்கள் குரலிலேயே பதியலாம்.

ஆள் பதிவுக்கும் அப்படித் திருப்பிக் கூப்பிட்டுப் பேர் கேட்டால்தான், எழுதத் தெரியாத எங்க மருமகளும் தனி ஆளாக நிற்பாள்.